மீன் உணவகத்தின் ஆங்கில மெனுவைத் தமிழாக்கக் கொடுக்கிறீர்களா? மொழிபெயர்ப்பாளருக்கு எழுதித் தர வேண்டியவை

சென்னையில் இப்போது திறக்கும் பல உணவகங்களுக்கு மெனு கார்டு முதலில் ஆங்கிலத்தில்தான் பிறக்கிறது. வடிவமைப்பாளர் ஆங்கிலத்தில் எழுதுகிறார், இன்ஸ்டாகிராம் பக்கமும் ஆங்கிலத்தில் போகிறது. அடுத்த கிளை வேறு பகுதியில் வரும்போதுதான் தமிழ் தேவைப்படுகிறது. அப்போது மெனுவை அப்படியே ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். வந்த தமிழில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் அது அந்தக் கடையின் பேச்சாக இருக்காது. சில இடங்களில் மீனே மாறிப்போயிருக்கும்.

இது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் குறை அல்ல. அவருக்குத் தெரிய வேண்டியதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உணவகங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், கையில் வர வேண்டிய குறிப்பு எப்படி இருந்தால் வேலை சரியாக நடக்கும் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். நுங்கம்பாக்கத்தில் ஒரு மீன் உணவகம் இருக்கிறது, ராயபுரத்தில் இரண்டாவது கிளை திறக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மெனு, மேசை அட்டை, வாட்ஸ்அப் செய்தி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவை தமிழில் வேண்டும்.

முதலில் சமையற்கட்டுக்குப் போங்கள்

பலருக்குத் தோன்றாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆங்கில மெனுவே ஒரு மொழிபெயர்ப்புதான். மாஸ்டர் சமைப்பது சுறா புட்டு. அதை வடிவமைப்பாளர் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கமாக எழுதினார். இப்போது அந்த விளக்கத்தை மட்டும் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர் "மசாலாவுடன் உதிர்த்து வதக்கிய சுறா மீன்" என்று எழுதுவார். அவர் பார்த்த மூலத்துக்கு அது சரி. ராயபுரத்துக்காரருக்கு அது என்ன பண்டம் என்றே புரியாது.

ஆகவே குறிப்பு எழுத உட்காரும் முன், மெனுவை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போய் ஒவ்வொரு வரியையும் காட்டி, "இதை உள்ளே என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் மீன் வாங்கும் நோட்டைப் பாருங்கள். காசிமேட்டில் ஏலம் எடுத்தாலும் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கினாலும், அந்த நோட்டில் மீன்களின் பெயர் தமிழில்தான் இருக்கும். மூன்றாவதாக பில் மெஷினில் என்ன பெயர் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். இந்த மூன்றிலும் வேறு வேறு பெயர் இருந்தால், எது நிலைக்க வேண்டும் என்பதை முதலாளியும் மாஸ்டரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டக் கூடாது.

இதற்கு ஒரு முற்பகல் போதும். இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் எத்தனை முறை திருத்தினாலும் தீராது.

மீன் பெயர்கள்: இங்கேதான் அதிகம் வழுக்கும்

மீனின் பெயர் தமிழ்நாட்டுக் கரை நெடுக மாறிக்கொண்டே போகும். சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தூத்துக்குடிப் பக்கம் சீலா என்பார்கள். ஆனால் சென்னையில் ஷீலா என்றால் அது வேறு மீன். ஆங்கிலத்தில் பாராகுடா என்கிறார்களே, நீளமாக, கூரிய பல்லோடு இருக்கும், அது. மொழிபெயர்ப்பாளர் தென்கோடிக்காரராக இருந்து, தன் ஊர் வழக்கில் இயல்பாக "சீலா வறுவல்" என்று எழுதிவிட்டால், ராயபுரத்து வாடிக்கையாளர் வஞ்சிரத்தின் விலையைப் பார்த்துவிட்டு "ஷீலாவுக்கா இந்த விலை?" என்று கேட்பார். விலை இறங்கிய மீனை ஏற்றி விற்கிறார்கள் என்ற பேச்சு ஒரு தெருவில் பரவ ஒரு வாரம் ஆகாது.

வஞ்சிரத்திலேயே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை ஸீர் ஃபிஷ் என்றும் எழுதுவார்கள், கிங் மேக்கரல் என்றும் எழுதுவார்கள். மேக்கரல் என்று தனியாக இருந்தால் அது கானாங்கத்தை. அகராதியைப் பார்த்து எழுதுகிறவர் கிங் மேக்கரலையும் கானாங்கத்தை வகை என்று முடித்துவிடக் கூடும். விலையிலும் ருசியிலும் இரண்டும் கிட்டவே வராது.

எனவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு மீனுக்கும் மூன்று விவரம் இருக்கட்டும்: ஆங்கில மெனுவில் உள்ள பெயர், சென்னையில் சொல்லும் பெயர், ஒரு புகைப்படம். புகைப்படம் வெட்டிய துண்டாக இல்லாமல் முழு மீனாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் படத்தைப் பார்த்ததும், "ஓ, எங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர்" என்று அவருக்கே தெரிந்துவிடும். நம் உதாரணக் கடைக்கு அந்தப் பட்டியல் இப்படி இருக்கும்: ஸீர் ஃபிஷ் வஞ்சிரம், பாராகுடா ஷீலா, ரெட் ஸ்னாப்பர் சங்கரா, ஸீ பாஸ் கொடுவா, பாம்ஃப்ரெட் வவ்வால், ஆன்ச்சவி நெத்திலி, ஸ்க்விட் கடமா. கடைசியாகச் சொன்னதைக் கணவாய் என்று எழுதுவதும் சரிதான். ஆனால் மீன் வாங்கும் நோட்டில் கடமா என்று இருந்தால், பரிமாறுகிறவர் வாயிலும் கடமா என்றே வரும். அச்சில் ஒன்றும் பேச்சில் ஒன்றுமாக இருக்க வேண்டாம். கடமாவே இருக்கட்டும்.

சமையல் முறைக்கும் இதே கவனம் வேண்டும். ஆங்கில மெனுவில் கறி என்ற ஒரே சொல் மூன்று பண்டங்களுக்கு இருக்கும். உள்ளே போய்க் கேட்டால் ஒன்று மீன் குழம்பு, ஒன்று இறால் தொக்கு, ஒன்று நண்டு மசாலா. ஃப்ரை என்பதும் அப்படியே. தோசைக்கல்லில் மசாலா தடவிப் போடும் வறுவலா, எண்ணெயில் மூழ்கப் பொரித்ததா என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. ஒரு சொல்லுக்கு எப்போதும் ஒரே தமிழ் என்று பழகிய மொழிபெயர்ப்பாளர்தான் இங்கே அதிகம் தடுமாறுவார். "மெனுவில் உள்ள ஆங்கிலச் சொல்லைப் பார்க்காதீர்கள், பட்டியலில் உள்ள பண்டத்தின் பெயரைப் பாருங்கள்" என்று குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

மாற்றக் கூடாதவை

மாறக் கூடாதவற்றை எல்லாம் ஒரே பட்டியலில் கொட்டினால் எது எவ்வளவு கண்டிப்பு என்று தெரியாமல் போகும். நான் இரண்டாகப் பிரித்து வாங்குவேன்.

முதலாவது, எழுத்து எழுத்தாக அப்படியே இருக்க வேண்டியவை. உணவகத்தின் பெயர், விலை, எடை, தொலைபேசி எண், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண். புவிசார் குறியீடு பெற்ற பெயர்களும் இதில் சேரும். கடைசியில் இனிப்பாக ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா தருகிறீர்கள் என்றால், அது 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். அதை "கிராமத்துப் பால்கோவா" என்று அழகுபடுத்தக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வராத பால்கோவாவுக்கு அந்தப் பெயரை வைக்கவும் கூடாது.

உணவகத்தின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதை மெனு வேலைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப் பலகையில் தமிழ்தான் மேலே, பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் அளவு 5:3:2. ஆகவே தெருவில் போகிறவர் முதலில் படிப்பது நீங்கள் எழுதும் அந்தத் தமிழ் வடிவத்தைத்தான். ஆங்கிலப் பெயரில் கடற்கரையைக் குறிக்கும் கோஸ்ட் என்ற சொல் இருந்தால், தமிழ் எழுத்தில் அது பேயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவும் படிக்கப்படும். பெயரை ஒலிபெயர்ப்பதா, தமிழில் வேறு பெயர் வைப்பதா என்பது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு.

பெயரோடு வேற்றுமை உருபு சேருமா என்பதையும் சொல்லுங்கள். இது தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல் என்பதால் ஆங்கிலத்தில் தயாரான எந்தக் கையேட்டிலும் இருக்காது. மகரத்தில் முடியும் பெயர் என்றால், இல் சேரும்போது "த்தில்" என்று உருமாறிவிடும், அச்சிட்ட லோகோவுக்கும் வாக்கியத்துக்கும் ஒட்டாது. "பெயருக்குப் பின் உணவகம் என்று சேர்த்து, உருபை அதில் போடுங்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இரண்டாவது, பொருள் மாறக் கூடாதவை. இங்கே சொல் மாறலாம், விஷயம் மாறக் கூடாது. நண்டும் இறாலும் பொரிக்கும் எண்ணெயிலேயே மீனையும் பொரிக்கிறீர்கள் என்றால், ஒவ்வாமை உள்ளவருக்கு அது முக்கியமான தகவல். ஆங்கிலத்தில் சுற்றி வளைத்து எழுதியிருந்தாலும், தமிழில் "நண்டு, இறால் பொரிக்கும் எண்ணெயிலேயே மீனும் பொரிக்கிறோம்" என்று நேராக வர வேண்டும். அழகுக்காக அதை மழுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். உண்மையில் ஒரே எண்ணெயா, தனித்தனியா என்பதையும் மாஸ்டரிடம் கேட்டு எழுதுங்கள்.

மீன் உணவகங்களின் மெனுவில் விலைக்குப் பதிலாக ஏபிஎஸ் என்று போட்டிருப்பார்கள். அளவைப் பொறுத்து விலை என்பது அதன் பொருள். தமிழில் எழுதும்போது எந்த எடை என்ற கேள்வி வரும். செதிலும் குடலும் எடுப்பதற்கு முன் நிறுத்ததா, சுத்தம் செய்த பிறகா? பில் கொடுக்கும்போது வரும் தகராறுகளில் பாதி இதில்தான் தொடங்குகிறது. "முழு மீனின் எடைக்கு விலை. சுத்தம் செய்வதற்கு முன் உங்கள் முன்னால் நிறுக்கிறோம்" என்பதுதான் உங்கள் வழக்கம் என்றால், அந்த இரண்டு வாக்கியத்தையும் நீங்களே தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

யார் படிக்கப் போகிறார்கள்

"எல்லா வயதினரும், குடும்பங்களும்" என்று எழுதினால் அதனால் ஒரு பயனும் இல்லை. தமிழ் மெனுவை யார் கையில் எடுப்பார்கள் என்று யோசியுங்கள். ராயபுரத்துக் கிளையில், குடும்பத்தோடு வரும் பெரியவர் எடுப்பார். அவர் தமிழில் படித்து மேசையில் இருப்பவர்களுக்குச் சொல்வார். பிள்ளைகள் ஆங்கில மெனுவைப் பார்ப்பார்கள். பெரியவருக்கு மீன் வாங்கத் தெரியும், சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தே புதிதா என்று சொல்லிவிடுவார்.

இதனால் மெனுவில் எதை விளக்குவது என்பதே தலைகீழாக மாறுகிறது. நுங்கம்பாக்கத்துக்கு எழுதிய ஆங்கில மெனு, கொடுவா எப்படிப்பட்ட மீன், சதை எப்படி இருக்கும் என்று விளக்குகிறது. பட்டர் கார்லிக் என்பதை விளக்காமல் விடுகிறது. ராயபுரத்தில் கொடுவாவை விளக்கினால் மீன்காரருக்கே மீன் காட்டுவது மாதிரி இருக்கும், அந்த வரியை எடுத்துவிடலாம். பட்டர் கார்லிக்குக்குத்தான் "வெண்ணெயில் பூண்டு வதக்கி, காரம் இல்லாமல்" என்று அரை வரி வேண்டும். விளக்கங்களை வெட்டவும் சேர்க்கவும் மொழிபெயர்ப்பாளருக்கு அனுமதி உண்டா இல்லையா என்பதைக் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒழுங்கான மொழிபெயர்ப்பாளர் எதையும் வெட்ட மாட்டார், கொடுத்த எல்லாவற்றையும் தமிழாக்கித் திருப்பித் தருவார்.

குரலை உரிச்சொல்லால் சொல்லாதீர்கள்

"நட்பாக, நவீனமாக, நேர்மையாக." கிட்டத்தட்ட எல்லா உணவகங்களின் குறிப்பிலும் இந்த மூன்றும் இருக்கும். இதை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம்கூட முடிவு செய்ய முடியாது. தமிழில் குரல் என்பது சில நேரடியான தேர்வுகளில் இருக்கிறது, அவற்றைச் சொன்னால் போதும்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். காலையில் வந்த மீன் அன்றைக்கே தீரும், மறுநாளைக்கு வைப்பதில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை மூன்று விதமாக எழுதலாம்.

"இன்றைய தினம் பிடிக்கப்பட்ட மீன்கள் இன்றைய தினமே பரிமாறப்படுகின்றன."

"காலையில் வந்த மீன். இரவுக்குள் தீர்ந்துவிடும்."

"காலையில வந்த மீனு. ராத்திரிக்குள்ள காலி."

முதலாவது அரசு அறிவிப்பு போல இருக்கிறது. கூடவே ஒரு தவறும் உண்டு. காலையில் கரைக்கு வந்த மீன் இன்று பிடித்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. படகு பல நாள் கடலில் இருந்துவிட்டும் வரலாம். இரண்டாவது எழுத்துத் தமிழ், ஆனால் பேச்சின் ஓட்டம் இருக்கிறது. மூன்றாவது முழுப் பேச்சு. நம் உதாரணக் கடைக்கு நான் மெனுவில் இரண்டாவதையும், இன்ஸ்டாகிராமில் மூன்றாவதையும் தேர்ந்தெடுப்பேன். பேச்சுத் தமிழை அச்சில் நீளமாகப் படிப்பது பெரியவர்களுக்குச் சிரமம். ஒரு படத்தின் மேல் ஒரே வரியாக இருந்தால் சிரமமில்லை.

உங்கள் குறிப்பிலும் இப்படி நான்கைந்து வரிகளை எழுதி, "இது நாங்கள், இது நாங்கள் இல்லை" என்று குறித்துக் கொடுங்கள். நீங்களே எழுத வராது என்றால், பல காலமாக வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பரிமாறுகிறவர் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் சில தேர்வுகள் பாக்கி இருக்கின்றன. வாங்க என்பதா, வாருங்கள் என்பதா. ஐஸ்கிரீமா, பனிக்கூழா. தனித்தமிழை விரும்பும் கடை என்றால் தாராளமாக அப்படியே செய்யலாம், ஆனால் மெனு முழுக்கச் செய்ய வேண்டும். பாதியில் பனிக்கூழும் மீதியில் மில்க் ஷேக்குமாக இருந்தால் இரண்டுமே ஒட்டாது. ஜ, ஷ, ஸ போன்ற கிரந்த எழுத்துகள் வரலாமா, டிபனா டிஃபனா, பிரியாணியா பிரியானியா என்பதையும் எழுதிவிடுங்கள். மீன் குழம்பு இரண்டு சொல்லா ஒரே சொல்லா என்பதையும்தான். பண்டத்தின் பெயர் பில்லிலும் டெலிவரி செயலியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒற்று ஒன்று கூடினாலும் தேடுகிறவருக்கு அகப்படாமல் போகலாம்.

அனுப்புவதும் திரும்ப வருவதும்

எல்லாம் சேர்த்துக் குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மீன், பண்டப் பட்டியல் தனித் தாளில் இருக்கட்டும். மெனுவின் வடிவமைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்தில் அடங்காமல் உடையும். அச்சகத்தில் யூனிகோடு எழுத்துருவா, பழைய எழுத்துருவா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். யூனிகோடில் வந்த கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறிப்போவது உண்டு. அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படியை மொழிபெயர்ப்பாளரே ஒரு முறை பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள், அதற்கும் ஊதியம் பேசிவிடுங்கள்.

முழு வேலைக்கு முன் பத்து வரியை மட்டும் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அதில் இரண்டு மீன், ஒரு குழம்பு, ஒவ்வாமை வரி, எடை வரி, ஒரு வாட்ஸ்அப் செய்தி எல்லாம் இருக்க வேண்டும். திரும்ப வந்ததும் பரிமாறுகிறவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நின்று, தன் வார்த்தைக்கு மாற்றிச் சொல்கிறாரோ, அங்கே குறி போடுங்கள். மாஸ்டரிடம் மெனுவைத் தராமல், தமிழ்ப் பெயரை மட்டும் படித்துக் காட்டி, "இது வந்தால் என்ன சமைப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் வேறு பண்டத்தைச் சொன்னால் அந்தப் பெயர் தவறு.

திருத்தங்கள் ஒருவர் வழியாகவே போகட்டும். முதலாளியின் தம்பி ஒரு பக்கம், மேனேஜர் இன்னொரு பக்கம் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் எது இறுதி என்று யாருக்கும் தெரியாது. "நன்றாக இல்லை" என்று மட்டும் சொல்லாமல், பொருள் தவறா, பட்டியலுக்கு மாறானதா, நம் பேச்சு இல்லையா என்று காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரும் சந்தேகங்களைத் தனித் தாளில் கேட்பார். சந்தேகமே கேட்காமல் மீன் மெனுவை முடித்துக் கொடுத்தால், கொஞ்சம் கூடுதலாகவே சரிபாருங்கள்.

பட்டியலை அத்தோடு மூடி வைத்துவிட முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது பல மீன்கள் மெனுவிலிருந்து போகும், வேறு கரையிலிருந்து சில வரும். மேற்குக் கரையிலிருந்து வரும் பெட்டியில் மீனின் பெயர் மலையாளத்தில் எழுதியிருக்கும், வஞ்சிரமே நெய்மீன் என்ற பெயரில் வந்து இறங்கும். மாற்றங்களை மார்ச் மாதமே பட்டியலில் ஏற்றி, அதே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிவிட்டால், தடைக்கால மெனு ஏப்ரல் முதல் வாரத்தில் அச்சுக்குப் போய்விடும்.